சோங் வெய் வழக்கு: "குற்றமற்றவர்" என்று எழுதலாமா, கூடாதா?

பிறைவாசி | 4 மார்ச், இரவு 9.12

பிறையில் வாரம் இரண்டு நாள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூப்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். ஹால் சுவரில் ஒட்ட அரைப் பக்கத்தில் ஒரு தாள் தயார் செய்தேன். லீ சோங் வெய் ஊக்க மருந்து வழக்கைப் பற்றி. நம்ம புக்கிட் மெர்தாஜாம் பையன், பிள்ளைகளுக்குத் தெரியணும். கடைசி வரியில் "2015-ல் விசாரணைக் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது" என்று எழுதிவிட்டேன்.

ஒரு பையனின் அப்பா பார்த்துவிட்டு, "குற்றமற்றவருக்கு எதுக்கு எட்டு மாதத் தடை?" என்று கேட்டார். பதில் சொல்ல வரவில்லை. யார் சொல்வது சரி?

ஜெலுத்தோங் மாமா | 4 மார்ச், இரவு 9.40

நீ எழுதியதுதான் சரி தம்பி. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். எண்ணமே இல்லை என்றால் குற்றம் ஏது? அந்த எட்டு மாதம் சும்மா பேருக்கு. மே மாதமே கோர்ட்டில் இறங்கி ஆடினாரே.

பழைய துபாசி | 4 மார்ச், இரவு 11.05

முப்பது வருஷம் பினாங்கு கோர்ட்டுகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்தவன் நான். பூப்பந்து பார்ப்பேன், ஆடத் தெரியாது. தீர்ப்பைச் சுருக்கிச் சொல்வது மட்டும் கைவந்த வேலை.

இரண்டு பேரும் பாதி சரி. "எண்ணம் இல்லை" என்று குழு சொன்னது உண்மை. "விடுவித்தது" என்பது பொய். விதிமீறல் நிரூபணமானது என்றுதான் முடிவு. அதற்குப் பிறகு, தண்டனை எவ்வளவு என்று பார்க்கும் இடத்தில்தான் எண்ணம் என்ற பேச்சே வருகிறது. நம்ம கோர்ட்டிலும் இப்படி உண்டு. குற்றவாளி என்று முடிவாகிவிடும், அதற்கப்புறம் வக்கீல் எழுந்து தணிவு கேட்டு மன்றாடுவார். அவர் மன்றாட்டு பலித்தால் ஆள் நிரபராதி ஆகிவிட்டாரா? தண்டனை குறைந்தது, அவ்வளவுதான்.

என் சுருக்கம், முதல் வரைவு:

"2014 ஆகஸ்டில் கோப்பன்ஹேகன் உலகப் போட்டியின்போது லீ சோங் வெய் டெக்சாமெத்தசோன் என்ற தடை மருந்தைப் பயன்படுத்தியதற்காக, உலகப் பூப்பந்து சம்மேளனம் அவருக்கு 2014 நவம்பர் 11 முதல் எட்டு மாதத் தடை விதித்தது. ஏமாற்றும் நோக்கம் இல்லை என்று குழு ஏற்றது."

இதை ஒட்டிக்கொள் தம்பி.

செந்தூல் செல்வி | 5 மார்ச், காலை 7.20

துபாசி ஐயா, ஒட்டச் சொல்லாதீங்க. மூன்று தப்பு இருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். புக்கிட் ஜாலில் பக்கம் நடக்கும் போட்டிகளில் ஊக்க மருந்துச் சோதனைக்குத் துணையாளாகப் பல வருஷம் போயிருக்கிறேன். ஆட்டம் முடிந்து வெளியே வரும் வீராங்கனையிடம் தாளைக் காட்டி, கையெழுத்து வாங்கி, சோதனை அறைக்குள் நுழையும்வரை கண் விலகாமல் கூடவே நடப்பது என் வேலை. தோற்றுப்போய் அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் "வாம்மா, சிறுநீர் வேண்டும்" என்று கேட்பதைவிட மோசமான வேலை கே.எல்-இல் கிடையாது.

தப்பு ஒன்று: "பயன்படுத்தியதற்காக". இல்லை. மீறப்பட்ட விதி, வீரரின் மாதிரியில் தடைப் பொருள் *இருந்தது* என்பது. விதிப் புத்தகத்தில் "இருத்தல்" தனி, "பயன்படுத்துதல்" தனி. 2.1 என்ற எண்ணில் வருவது இருத்தல். உடம்புக்குள் எப்படி வந்தது, யார் கொடுத்தது, தெரிந்தா தெரியாமலா, இது எதையும் சம்மேளனம் நிரூபிக்கத் தேவையில்லை. எடுத்த சிறுநீரை ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் பிரித்து வைப்போம். ஏ மாதிரியில் இருக்கிறது, பி மாதிரியிலும் இருக்கிறது என்றால் விதிமீறல் முடிந்தது.

தப்பு இரண்டு: தேதி. தப்பு மூன்று: பாதித் தண்டனையை விட்டுவிட்டீர்கள். வேலைக்குப் போகணும், மதியம் எழுதுகிறேன்.

பழைய துபாசி | 5 மார்ச், காலை 8.02

முப்பது வருஷத்தில் ஒரே வரைவில் மூன்று தப்பு என்று எந்த நீதிபதியும் என்னைச் சொன்னதில்லை. சரி, காத்திருக்கிறேன்.

"இருத்தல்" பற்றிச் சொன்னது மட்டும் உடனே புரிந்துவிட்டது. கத்தி பையில் இருந்தது ஒரு பிரிவு, கத்தியால் குத்தியது வேறு பிரிவு. பையில் இருந்ததற்காகப் பிடிபட்டவனைக் குத்தினான் என்று மொழிபெயர்த்தால் என் வேலை போயிருக்கும்.

கிள்ளான் சாலை குமார் | 5 மார்ச், காலை 10.15

இதில் பாரபட்சம் இருக்கிறது என்று யாருமே சொல்லவில்லையே. அதே சம்மேளனம்தான் 2018-ல் சுல்பட்லிக்கு 20 வருஷத் தடையும் 25,000 அமெரிக்க டாலர் அபராதமும் போட்டது. அவரும் மலேசியர்தான். பெரிய ஆளுக்கு எட்டு மாதம், சின்ன ஆளுக்கு இருபது வருஷமா? இதையும் சுவரில் ஒட்டுங்கள்.

செந்தூல் செல்வி | 5 மார்ச், மதியம் 1.30

குமார், அது ஊக்க மருந்து வழக்கே இல்லை. ஆட்டத்தின் முடிவைக் காசுக்கு மாற்றிய வழக்கு. அதற்கு வேறு விதிப் புத்தகம், பந்தயமும் முறைகேடான ஆட்ட முடிவும் பற்றியது. டான் சுன் சியாங்குக்கும் அதே வழக்கில் 15 வருஷம். அங்கே வேண்டுமென்றே செய்தார் என்பதுதான் வழக்கின் உயிர். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது, பெட்டிக் கடையில் திருட்டுப் போனதையும் லாரி மோதியதையும் ஒப்பிடுகிற மாதிரி.

இப்போது தேதி. சோங் வெய்யின் மாதிரி எடுத்தது 2014 ஆகஸ்ட் 30. அரையிறுதி நாள். மறுநாள் இறுதி ஆட்டத்தில் சென் லோங்கிடம் 19-21, 19-21 என்று தோற்றார். பி மாதிரி நவம்பர் ஆரம்பத்தில் ஓஸ்லோவில் திறக்கப்பட்டது, அதிலும் அதே பொருள். அதற்கப்புறம்தான் நவம்பர் 11-ல் இடைக்காலத் தடை. ஐயா அந்தத் தேதியைத் தண்டனை ஆரம்பம் என்று பிடித்துக்கொண்டார்.

விசாரணை 2015 ஏப்ரல் 11, ஆம்ஸ்டர்டாமில். சம்மேளனத்தின் தலைமையகம் கே.எல்-இல் இருக்கிறது, விசாரணைக்கு ஆள் போனது ஹாலந்துக்கு. முடிவு வந்தது ஏப்ரல் 27. எட்டு மாதத்தை எண்ண ஆரம்பித்த நாள் ஆகஸ்ட் 30, மாதிரி எடுத்த அதே நாள். விரல் விட்டு எண்ணுங்கள், ஏப்ரல் 30-ல் முடிகிறது. தீர்ப்பு வந்து மூன்று நாளில் தடை தீர்ந்துவிட்டது.

நவம்பர் 11-லிருந்து எண்ணினால் ஜூலை வரை போயிருக்கும். அப்படியென்றால் ஜூனில் அமெரிக்க ஓப்பனும் கனடா ஓப்பனும் அவர் எப்படி ஜெயித்தார்? சுருக்கம் எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு முடிவில் நான்கு தேதி இருக்கும்: மாதிரி எடுத்தது, இடைக்காலத் தடை, விசாரணை, முடிவு. தண்டனை எந்தத் தேதியிலிருந்து என்று தனியாக ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடித்தான் எடுக்கணும், நாமே ஊகிக்கக் கூடாது.

ஜெலுத்தோங் மாமா | 5 மார்ச், மதியம் 2.10

பார்த்தீங்களா, மூன்று நாள்! நான் சொன்னது அதுதான். சும்மா பேருக்கு.

செந்தூல் செல்வி | 5 மார்ச், மதியம் 2.25

மாமா, நவம்பரிலிருந்து ஏப்ரல் முடிகிறவரை அவர் எந்தப் போட்டியிலும் ஆடவில்லை. அப்போது உலகின் முதல் நிலை ஆட்டக்காரர் அவர். தர வரிசை சரிந்து, ஆகஸ்டில் ஜகார்த்தா உலகப் போட்டிக்குத் தரவரிசைச் சலுகை எதுவும் இல்லாமல்தான் வந்தார். இறுதிவரை வந்தது அவர் திறமை.

அப்புறம் வெள்ளிப் பதக்கம்? 2014 உலகப் போட்டியின் வெள்ளி பறிபோனது. இதுதான் ஐயா விட்ட பாதித் தண்டனை. போட்டியின்போது எடுத்த மாதிரியில் தடைப் பொருள் இருந்தால், அந்தப் போட்டியின் முடிவு தானாகவே ரத்து. நல்லவரா கெட்டவரா என்று அந்த விதி பார்ப்பதில்லை. தவறு துளியும் இல்லை என்று காட்டி முழுத் தடையிலிருந்தும் தப்பிக்கிறவருக்குக்கூட அந்த ஆட்டத்தின் முடிவு போய்விடும்.

பட்டர்வொர்த் லதா | 5 மார்ச், இரவு 8.50

டெக்சாமெத்தசோன் என்ற பெயரைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. பூப்பந்து எனக்குத் தெரியாது. இது மட்டும் தெரியும்.

என் அம்மாவுக்கு முட்டி வலி. யாரோ சொல்லி ஒரு கடையில் மூலிகை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. இரண்டே நாளில் வலி போச்சு. தெய்வ மருந்து என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொன்னார்கள். நான்கு மாதத்தில் முகம் நிலா மாதிரி உருண்டுவிட்டது, கை காலெல்லாம் மெலிந்தது, தோல் தொட்டால் கன்றியது. மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தபோது மயங்கி விழுந்தார்கள். மருத்துவமனையில் டாக்டர் மாத்திரையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். உள்ளே ஸ்டிராய்டு. இந்தப் பெயர்தான் சொன்னார்.

அதனால் சோங் வெய் தெரியாமல் சாப்பிட்டார் என்றால் நான் நம்புகிறேன். அம்மாவும் தெரியாமல்தான் சாப்பிட்டார்கள்.

செந்தூல் செல்வி | 5 மார்ச், இரவு 9.30

லதா அக்கா, அம்மா இப்போது நலமா? சட்டென்று நிறுத்தியதால்தான் மயக்கம் வந்திருக்கும். வெளியிலிருந்து ஸ்டிராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன்னுடையதைச் சுரக்காமல் நிறுத்திக்கொள்ளும். டாக்டர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்கள். நம்ம நாட்டில் மூலிகை மருந்துகளில் இந்தப் பொருளைக் கலந்து பிடிபடுவது அடிக்கடி செய்தியில் வரும். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

ஆனால் அம்மாவின் கதையும் இந்த வழக்கும் ஒன்றில்லை. அம்மா சாப்பிட்டதில் வலி தீரணும் என்றே வேண்டுமென்று கலந்திருக்கிறார்கள். சோங் வெய் விஷயத்தில் குழு ஏற்றுக்கொண்டது வேறு: அவர் சாப்பிட்டது கோர்டிசெப்ஸ், சீன மருந்துக் கடையில் விற்கும் புழுக்காளான். அதை அடைத்திருந்த ஜெலட்டின் கூட்டில்தான் டெக்சாமெத்தசோன் இருந்தது. காளானில் இல்லை, கூட்டில்.

பழைய துபாசி | 5 மார்ச், இரவு 10.40

நான் இதைத் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஜூலையில் தொடைக் காயத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை எடுத்தார், மருந்து அதில் வந்தது என்று அப்போது பத்திரிகையில் படித்த ஞாபகம். பத்து வருஷமாக மாமாக் கடையில் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். யார் யாரிடம் சொன்னேன் என்று பட்டியல் போட்டுத் திருத்த முடியாது, விட்டுவிடுங்கள்.

செந்தூல் செல்வி | 6 மார்ச், காலை 6.55

ஐயா படித்தது சரிதான். செய்தி வெளியான நாட்களில் அப்படித்தான் பேச்சு இருந்தது. ஆனால் பேச்சு வேறு, குழு ஏற்றுக்கொண்ட காரணம் வேறு. சுருக்கத்தில் இரண்டாவது மட்டும்தான் வரலாம். கணக்கும் இடிக்கும்: ஜூலையில் உள்ளே போனது ஆகஸ்ட் 30 வரை சிறுநீரில் தங்குவது கடினம். அந்த மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்த மருந்து எப்போதும் தடை இல்லை. போட்டிக் காலத்தில், வாய் வழியாகவோ, நரம்பில் அல்லது தசையில் ஊசியாகவோ எடுத்தால் தடை. வீட்டில் உட்கார்ந்து டாக்டர் சொல்லிச் சாப்பிட்டால் விதிமீறல் இல்லை. மூட்டுக்குள் போடும் ஊசிக்கு 2014-ல் அனுமதி இருந்தது. 2022 முதல் போட்டிக் காலத்தில் எந்த ஊசிக்கும் அனுமதி இல்லை. பழைய வழக்கைச் சுருக்கும்போது இன்றைய பட்டியலைப் பார்த்து எழுதினால் கதை மாறிவிடும்.

கிள்ளான் சாலை குமார் | 6 மார்ச், காலை 9.00

அக்கா, என் பையன் ஆஸ்துமாவுக்கு நீல நிற இன்ஹேலர் அடிக்கிறான். பள்ளிப் போட்டிக்குப் போகிறான். பிடித்துவிடுவார்களா?

பிறைவாசி | 6 மார்ச், காலை 9.20

குமார் அண்ணே, நான் கேட்டது ஒரு தாளைப் பற்றி 😂

செந்தூல் செல்வி | 6 மார்ச், மதியம் 12.45

நீல இன்ஹேலர் என்றால் பெரும்பாலும் சால்பியூட்டமால். அதற்கு ஒரு நாள் உச்ச அளவு இருக்கிறது. டாக்டர் சொன்னபடி அடித்தால் பயப்பட ஒன்றுமில்லை. பையனை மூச்சு விட வையுங்கள் முதலில்.

பழைய துபாசி | 6 மார்ச், மாலை 5.15

ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு கேள்வி. மருந்து கூட்டில் இருந்தது என்று யார் நிரூபிக்கணும்? கோர்ட்டில் என்றால் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். இங்கே?

செந்தூல் செல்வி | 6 மார்ச், இரவு 9.10

இங்கே தலைகீழ் ஐயா. பொருள் இருந்தது என்று சம்மேளனம் காட்டணும். பாட்டிலும் ஆய்வுக்கூடத் தாளும் போதும். அங்கிருந்து சுமை வீரர் தலையில். இந்தப் பொருள் விதியில் தனி வகை, தெரியாமல் உள்ளே போக வாய்ப்புள்ளவை என்று பிரித்து வைத்திருக்கும் வகை. 2014-ல் இருந்த விதிப்படி அந்த வகைக்குத் தண்டனை குறையணும் என்றால் வீரர் இரண்டைக் காட்டணும்.

ஒன்று, எப்படி உள்ளே வந்தது. இதற்கு அளவுகோல் லேசு: அப்படி நடந்திருக்க வாய்ப்பு, நடக்காமல் போயிருக்கும் வாய்ப்பைவிட அதிகம் என்றால் போதும். "எப்படி வந்தது என்றே தெரியவில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. எத்தனையோ வீரர்கள் இங்கேதான் தோற்றுப் போகிறார்கள். உண்மையிலேயே தெரியாதவர்கள்கூட.

இரண்டு, ஆட்டத்தை மேம்படுத்தும் எண்ணம் இல்லை. இதற்கு அளவுகோல் கடினம். வீரரின் வாய்ச்சொல் போதாது, அதைத் தாங்கும் வேறு சான்று வேண்டும், குழுவின் மனம் திருப்தியடையணும்.

இரண்டையும் தாண்டினால்தான் தவறு எவ்வளவு என்ற கேள்வி வரும். அப்போதைய விதியில் வழக்கமான தடை இரண்டு வருஷம். தாண்டியவர்களுக்கு அது வெறும் எச்சரிக்கையாகவும் குறையலாம். எட்டு மாதம் அந்த இரண்டு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு.

இன்னொன்று. சோதனை அறையில் நாங்கள் வைத்திருக்கும் தாளில், கடந்த ஏழு நாளில் சாப்பிட்ட மருந்து, துணை உணவு எல்லாவற்றையும் எழுத ஓர் இடம் இருக்கும். பாதிப் பேர் "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு ஓடுவார்கள். வீட்டுக்குப் போகும் அவசரம். பின்னாளில் "நான் அந்தக் காளானைச் சாப்பிட்டேன்" என்று சொல்லும்போது, அன்று அந்தத் தாளில் அதை எழுதியிருந்தால் எவ்வளவு உதவும் என்று நினைத்துப் பாருங்கள். பிறைவாசி தம்பி, உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இது.

ஜெலுத்தோங் மாமா | 6 மார்ச், இரவு 9.45

சரி சரி, விதிமீறல் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தவறு என்ன? ஒரு மனுஷன் கூட்டைப் பிரித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டா காளான் சாப்பிடுவான்? எட்டு மாதம் ஏன்? பூஜ்யம் கொடுத்திருக்கணும்.

செந்தூல் செல்வி | 6 மார்ச், இரவு 10.20

மாமா, இதற்கு என்னிடம் முடிவான பதில் இல்லை. ஒரு ஒப்பீடு தருகிறேன். 2013-ல் டென்னிஸ் வீரர் மாரின் சிலிச். மொனாக்கோவில் அவர் அம்மா மருந்துக் கடையில் குளுக்கோஸ் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். அதில் நிக்கெத்தமைடு. பெட்டியைப் பார்த்தார், பிரெஞ்சில் இருந்ததால் வேறு ஏதோ வைட்டமின் என்று நினைத்துக்கொண்டார். டென்னிஸ் குழு ஒன்பது மாதம் போட்டது, மேல்முறையீட்டில் விளையாட்டு நடுவர் மன்றம் நான்காகக் குறைத்தது. அந்த முடிவில்தான் தவறின் அளவுக்குப் படிகள் பிரித்தார்கள்: லேசான தவறு என்றால் எட்டு மாதம் வரை, வழக்கமான தவறு எட்டு முதல் பதினாறு, பெரிய தவறு பதினாறு முதல் இருபத்து நான்கு.

அந்தப் படியில் வைத்துப் பார்த்தால் சோங் வெய்யின் எட்டு சரியாக வாசற்படியில் நிற்கிறது. லேசுக்கு மேல் விளிம்பு, வழக்கத்துக்குக் கீழ் விளிம்பு. இது என் கணக்கு. குழு இப்படிச் சொன்னதாகச் சுவரில் எழுதக் கூடாது.

சிலிச் கையில் பெட்டியாவது இருந்தது, படித்துப் பார்த்திருக்கலாம். கூட்டில் என்ன இருக்கிறது என்று எந்தப் பெட்டியிலும் போட்டிருக்காது. அந்த வகையில் மாமா கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் உலகின் முதல் நிலை ஆட்டக்காரர், கூடவே டாக்டர்கள் இருக்கிறார்கள், துணை உணவில் ஆபத்து இருக்கிறது என்ற எச்சரிக்கை வருஷா வருஷம் வருகிறது. அதைச் சாப்பிட்டதே அலட்சியம் என்பதுதான் குழுவின் பக்கம்.

ஜெலுத்தோங் மாமா | 6 மார்ச், இரவு 10.31

அலட்சியம் என்ற சொல்லைப் பிள்ளைகள் பார்க்கும் சுவரில் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

பட்டர்வொர்த் லதா | 6 மார்ச், இரவு 10.50

அம்மா நலம். கேட்டதற்கு நன்றி செல்வி. ஏழு மாதம் ஆச்சு மருந்தைக் குறைத்து முடிக்க. "அலட்சியம்" என்று யாராவது என் அம்மாவைச் சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனால் அம்மா போட்டியில் ஆடவில்லையே. எதிரில் யாரும் தோற்கவில்லை.

பழைய துபாசி | 7 மார்ச், காலை 6.10

லதா சொன்ன கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

மாமா, நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தீர்ப்பை மொழிபெயர்க்கும்போது "கவனக்குறைவு" என்ற சொல்லை விட்டுவிட்டேன். எதிரில் நின்ற லாரி டிரைவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வெளியே வந்து அவர் கேட்டார், "அப்புறம் எதுக்கு ஐயா எனக்கு அபராதம்?" பிறையில் அந்த அப்பா கேட்ட அதே கேள்வி. சொல்லை விழுங்கினால் தண்டனைக்குக் காரணம் இல்லாமல் போகிறது. பிறகு கேட்பவர் தானே ஒரு காரணம் கற்பித்துக்கொள்கிறார். ஏமாற்றினான் என்றோ, பாரபட்சம் என்றோ.

இரண்டாவது வரைவு:

"மீறிய விதி: 2014 ஆகஸ்ட் 30 அன்று, கோப்பன்ஹேகன் உலகப் போட்டியில் எடுத்த மாதிரியில் டெக்சாமெத்தசோன் இருந்தது. போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்ட அழற்சி மருந்து இது.

சான்று: ஏ, பி இரண்டு மாதிரிகளிலும் பொருள் உறுதியானது. கோர்டிசெப்ஸ் அடைத்த ஜெலட்டின் கூட்டின் வழியே அது உடலில் சேர்ந்தது என்றும், ஏமாற்றும் நோக்கம் இல்லை என்றும் குழு ஏற்றது. ஆனாலும் தன் உடலில் என்ன சேர்கிறது என்பதில் அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று கண்டது.

தண்டனை: 2014 உலகப் போட்டியின் வெள்ளிப் பதக்கம் ரத்து. 2014 ஆகஸ்ட் 30 முதல் எட்டு மாதத் தடை. முடிவு அறிவித்த நாள் 2015 ஏப்ரல் 27."

"அலட்சியம்" எடுத்துவிட்டு "கவனக்குறைவு" போட்டிருக்கிறேன். மாமாவுக்காக. அதற்குக் கீழே இறங்க மாட்டேன்.

செந்தூல் செல்வி | 7 மார்ச், காலை 7.05

ஐயா, இதில் கை வைக்க எதுவுமில்லை. ஒரே ஒரு இடம்: "அழற்சி மருந்து" என்றால் அழற்சியை உண்டாக்கும் மருந்து மாதிரி இருக்கிறது. "வீக்கத்தையும் வலியையும் தணிக்கும் மருந்து" என்று போட்டால் பிள்ளைகளுக்குப் புரியும்.

பழைய துபாசி | 7 மார்ச், காலை 7.11

திருத்தியாச்சு. ஆக மொத்தம் நான்கு தப்பு.

கிள்ளான் சாலை குமார் | 7 மார்ச், காலை 9.30

ஒரு சந்தேகம். இந்த விதியெல்லாம் போடும் உலக அமைப்பின் பெயர் உண்மையிலேயே "வாடா"தானா? பையன் சொல்கிறான், நான் நம்பவில்லை.

செந்தூல் செல்வி | 7 மார்ச், காலை 9.42

ஆமாம். ஆளைப் பார்த்து அப்படித்தான் கூப்பிடுவார்கள் 😄 நாங்கள் "வாங்க" என்றுதான் கூப்பிடுவோம்.

ஜெலுத்தோங் மாமா | 7 மார்ச், மதியம் 3.00

கவனக்குறைவு, சரி. போடுங்கள். ஆனால் ரியோவில் வாங்கிய வெள்ளியையும் கீழே ஒரு வரி சேர்க்கணும். மூன்று ஒலிம்பிக் வெள்ளி. இல்லையென்றால் என் பேரனை அந்த ஹாலுக்கு அனுப்ப மாட்டேன்.

பழைய துபாசி | 7 மார்ச், மதியம் 3.40

தீர்ப்புச் சுருக்கத்துக்குள் வராது மாமா. கோடு போட்டுக் கீழே தனியாகப் போடச் சொல்கிறேன்.

பிறைவாசி | 9 மார்ச், இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. நேற்று அச்சடித்து ஒட்டினேன், கோடு, மூன்று வெள்ளி எல்லாம் உண்டு. தடை முடியும் தேதியையும் நானே ஒரு வரி சேர்த்தேன். இன்று பயிற்சி முடிந்ததும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி வந்து, "சார், 2014 ஆகஸ்டில் ஆரம்பிச்ச தடை எப்படி 2014 ஏப்ரலில் முடியும்?" என்று கேட்டாள்.

திருத்தத்தை மார்க்கர் பேனாவில் எழுதிவிட்டேன். துபாசி ஐயா எண்ணிக்கையில் இது சேராது.

பழைய துபாசி | 9 மார்ச், இரவு 10.32

அந்தப் பிள்ளையை என் பழைய வேலைக்கு அனுப்பு.

பிறைவாசி | 9 மார்ச், இரவு 10.40

அவளே இன்னொன்றும் கேட்டாள். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாளே மாதிரி எடுத்துவிட்டார்கள் என்றால், இறுதியில் ஏன் ஆட விட்டார்கள் என்று. செல்வி அக்கா?

செந்தூல் செல்வி | 10 மார்ச், காலை 7.00

பாட்டில் ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்து முடிவு வரவே நாளாகும். 90 மில்லி சிறுநீரை இரண்டு பாட்டிலில் ஊற்றி மூடி வைக்கும்போது, அறையில் இருக்கும் யாருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. மேலே பெயர்கூட இருக்காது, எண் மட்டும்தான். அன்று அந்தப் பாட்டிலைக் கையில் பிடித்திருந்த ஆளுக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் இறுதி ஆட்டத்தை அவரும் உட்கார்ந்து பார்த்திருப்பார்.